கால் விலை, புட் விலை, நடுவில் ஒரு வட்டிக் கணக்கு

ஒரு பங்கு 1,000 ரூபாயில் நிற்கிறது. ஒப்பந்த விலையான ஸ்ட்ரைக்கும் அதே 1,000 ரூபாய், ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி 30 நாளில். எக்ஸ்பைரி அன்று அந்த விலைக்குப் பங்கை வாங்கும் உரிமையான கால் ஆப்ஷன் 31 ரூபாய், விற்கும் உரிமையான புட் ஆப்ஷன் 21 ரூபாய். திரையில் இதைப் பார்ப்பவர்களில் பலர், "காலுக்குத்தான் கிராக்கி, பங்கு ஏறப்போகிறது என்று சந்தை நினைக்கிறது" என்பார்கள். அந்தப் பத்து ரூபாய் வித்தியாசத்துக்கும் பங்கின் எதிர்காலத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதில் இருப்பது வட்டி.

ஏன் என்று பார்க்க, மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். பங்கை 1,000-க்கு வாங்குங்கள். புட்டை 21-க்கு வாங்குங்கள். காலை 31-க்கு விற்றுவிடுங்கள். கையிலிருந்து போனது 990 ரூபாய். எக்ஸ்பைரி அன்று பங்கு 1,120 ஆகியிருந்தால், கால் வாங்கியவர் 1,000 கொடுத்துப் பங்கை எடுத்துக்கொள்வார், புட் செல்லாக்காசு. பங்கு 870-க்கு விழுந்திருந்தால், புட்டைப் பயன்படுத்தி 1,000-க்கு நீங்கள் தள்ளிவிடுவீர்கள். காலை யாரும் சீண்டமாட்டார்கள். எப்படியானாலும் உங்கள் கைக்கு வருவது 1,000. பங்கு எங்கே போனாலும் தொகை மாறாத இந்தப் பொட்டலத்தை, 990 ரூபாய் கடன் கொடுத்து 30 நாளில் 1,000 ரூபாயாகத் திரும்ப வாங்குவதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. தரகர்கள் இதைக் கன்வர்ஷன் என்கிறார்கள்.

ஆகவே பொட்டலத்தின் விலை, 1,000 ரூபாயின் இன்றைய மதிப்பாக இருந்தாக வேண்டும். ஆண்டு வட்டி 7.3 சதவீதம் என்றால் 30 நாளுக்குச் சரியாக 0.6 சதவீதம், இன்றைய மதிப்பு 994.04 ரூபாய். கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்தால் 5.96 வர வேண்டும். வந்ததோ 10. புட்–கால் சமநிலை என்பது இவ்வளவுதான். இதைத் தலைகீழாகத் திருப்பினால், ஆப்ஷன் விலைகளுக்குள் ஒளிந்திருக்கும் வட்டி வெளியே வந்துவிடும்:

```
வட்டி = (K / (S - C + P) - 1) × 365 / நாட்கள்
```

இதில் S பங்கின் விலை, K ஸ்ட்ரைக், C கால், P புட். நம் எண்களைப் போட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 12.3 சதவீதம். 7.3-க்குக் கடன் வாங்கி 12.3-க்குக் கடன் கொடுக்கும் வாய்ப்பு. 990 ரூபாய்க்கு 30 நாள் வட்டி 5.94 போக, பங்குக்கு 4.06 ரூபாய் மிச்சம்.

ஒரு ஒப்பந்தத்தின் அளவான லாட் 500 பங்கு என்றால் 2,030 ரூபாய். இங்கேதான் காகிதக் கணக்கு முடிந்து நிஜக் கணக்கு தொடங்குகிறது. இந்தியாவில் டெலிவரி எடுத்து வாங்கும் பங்குக்குப் பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்.டி.டி 0.1 சதவீதம், கொடுக்கும்போதும் 0.1 சதவீதம். பங்கு ஆப்ஷன்கள் இங்கே இப்போது பணமாக அல்ல, பங்காகவே தீர்க்கப்படுவதால் இரண்டாவதிலிருந்தும் தப்ப முடியாது. ஐந்து லட்ச ரூபாய்ப் பங்குக்கு இது சுமார் 1,000 ரூபாய். முத்திரைத் தீர்வை, தரகு, சந்தைக் கட்டணம், ஜி.எஸ்.டி. எல்லாம் போனால், எஞ்சுவதைப் பார்த்துப் பெருமூச்சுதான் விடலாம். பெரிய நிறுவனங்கள் பங்குக்குப் பதில், பின்னொரு தேதி வியாபாரத்துக்கு இன்றே விலை பேசும் ஃப்யூச்சர்ஸை வைத்து இதே கணக்கைப் போடுவதற்கு முக்கியக் காரணம் இந்த வரிதான்.

பிணையாகக் கட்டும் பணமான மார்ஜினையும் மறக்கக் கூடாது. பங்கு 1,120-க்கு ஓடினால் பங்கில் உங்களுக்கு 120 ரூபாய் லாபம், ஆனால் அது காகிதத்தில். விற்ற காலுக்குக் கூடுதல் மார்ஜின் ரொக்கமாகக் கேட்கப்படும். கொடுக்க முடியாவிட்டால் தரகர் இந்த மூன்று வியாபாரங்களில் ஒரு லெக்கை மட்டும் வெட்டிவிடுவார். அதன்பின் உங்களிடம் இருப்பது வெறும் சூதாட்டம்.

இதற்கெல்லாம் முன்பு, அந்தப் பத்து ரூபாய் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். திரையில் தெரியும் எல்.டி.பி. கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அது எப்போது நடந்தது என்பது வேறு விஷயம். புட் கடைசியாக 17 ரூபாய்க்குக் கைமாறியபோது பங்கு 1,008-இல் இருந்திருக்கலாம். இப்போது பங்கு 1,000. விற்பவர் கேட்பது 21. பழைய 17-ஐ எடுத்துக் கணக்குப் போட்டால் வித்தியாசம் 14 ரூபாய் என்று கண்ணைப் பறிக்கும். வாங்க வேண்டியதற்கு விற்பவர் கேட்கும் விலையையும், விற்க வேண்டியதற்கு வாங்குபவர் தரும் விலையையும், ஒரே நொடியில் எடுக்க வேண்டும். வியாபாரம் குறைந்த ஸ்ட்ரைக்குகளில் தெரியும் 'தவறான விலை' பெரும்பாலும் இந்தச் சோதனையிலேயே கரைந்துவிடும்.

இதையும் தாண்டி வித்தியாசம் நின்றால், ஈவுத்தொகையைப் பாருங்கள். எக்ஸ்பைரிக்குள் பங்குக்கு 8 ரூபாய் ஈவு வரப்போகிறது என்றால், அது பங்கை வைத்திருப்பவருக்குத்தான். கால் வைத்திருப்பவருக்கு இல்லை. அப்போது நியாயமான வித்தியாசம் 5.96-இலிருந்து மைனஸ் 2-க்கு இறங்கிவிடும். புட் காலைவிட விலை கூடுதலாக இருப்பதே அப்போது சரி. நிஃப்டி போன்ற குறியீட்டில் இப்போதைய விலையான ஸ்பாட்டோடு ஒப்பிடாமல், அதே எக்ஸ்பைரி ஃப்யூச்சர்ஸோடு ஒப்பிட்டால் இந்தத் தலைவலி இல்லை. எதிர்பார்க்கும் ஈவும் வட்டியும் அந்த விலைக்குள்ளேயே வந்துவிடும்.

எதிர்த்திசையில் விலை பிசகினால், அதாவது புட் அளவுக்கு மீறி ஏறியிருந்தால், செய்ய வேண்டியதும் தலைகீழ்: பங்கை விற்று, புட்டை விற்று, காலை வாங்கி, கையில் வந்த பணத்தை வட்டிக்கு விட வேண்டும். ஆனால் இல்லாத பங்கை எப்படி விற்பது? யாரிடமாவது இரவல் வாங்க வேண்டும். இந்தியாவில் இரவல் சந்தை மிக ஒல்லி. அதனால் இந்தப் பக்கத்துப் பிசகு பல நாள் திருத்துவாரில்லாமல் நிற்கும்.

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் அமெரிக்காவின் பாம் நிறுவனம். 2000 மார்ச் 2-ஆம் தேதி, தாய் நிறுவனமான த்ரீகாம் அதில் 5 சதவீதப் பங்குகளை மட்டும் வெளியே விற்றது. சந்தையில் புழங்கிய பங்கு கொஞ்சம், வாங்கத் துடித்தவர்கள் ஏராளம், இரவல் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. மார்ச் நடுவில் பாம் ஆப்ஷன்கள் வந்தபோது, பங்கு 55 டாலரை ஒட்டி நின்றது. நவம்பர் 55 ஸ்ட்ரைக்கில் புட்டின் விலை காலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சமநிலைச் சூத்திரத்தில் போட்டால் ஆப்ஷன்கள் சொன்ன பங்கு விலை சுமார் 39 டாலர். சந்தை விலைக்கும் அதற்கும் ஏறத்தாழ 29 சதவீத இடைவெளி. எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. எடுக்கத்தான் முடியவில்லை, இரவல் பங்கு இல்லாததால். அந்த 16 டாலரை இலவசப் பணம் என்பதைவிட, பங்கை இரவல் வாங்க முடியாமையின் விலை என்பதே பொருத்தம். பின்னர் ஜூலையில் த்ரீகாம் மீதிப் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது.

மேலே சொன்ன சோதனைகளை எல்லாம் கடந்து நிற்கும் வித்தியாசம், பணத்தையோ பங்கையோ கடன் வாங்க யாருக்கோ ஆகும் செலவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் ரஸ்ஸல் சேஜ் என்ற லேவாதேவிக்காரர் இதைத் தெரிந்தே பயன்படுத்தினார் என்பார்கள். வட்டிக்கு 7 சதவீத உச்சவரம்பு அங்கே சட்டம். அவர் கடன் கேட்டு வந்தவரிடம் பங்கை விலைக்கு வாங்கினார், அவரிடமே ஒரு புட்டை வாங்கினார், அதே ஸ்ட்ரைக்கில் ஒரு காலை அவருக்கு விற்றார். ஆவணத்தில் கடனும் இல்லை, வட்டியும் இல்லை. காலுக்கும் புட்டுக்கும் வைத்த விலை வித்தியாசத்தில் அவர் கேட்ட வட்டி இருந்தது.