அடக்கம் 25, விலை 50: ஒரு கைவினை சோப்பின் விலைக் கணக்கு

சிறுதொழில் தொடங்குபவர்கள் எழுதும் வணிகத் திட்டங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. கைவினை சோப்புத் திட்டம் வந்தால் முதலில் விலை நிர்ணயப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். பெரும்பாலும் அங்கே இரண்டு வரிதான் இருக்கும்: ஒரு கட்டிக்கு மூலப்பொருள் செலவு இவ்வளவு, அதை இரண்டால் பெருக்கினால் விலை. அடக்கவிலையோடு லாபம் சேர்க்கும் முறை என்று அதற்குப் பெயரும் போட்டிருப்பார்கள். அடக்கமே தவறாக இருக்கும்போது அதன்மேல் எதைச் சேர்த்தாலும் நிற்காது. இதனால் நல்ல சோப்பு செய்பவர்கள் ஒரு வருடத்தில் ஓய்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கணக்கை, அவர் அனுமதியோடு இங்கே பிரித்துக் காட்டுகிறேன். எந்த நாட்டவருக்கும் பொருந்தட்டும் என்று நாணயத்தின் பெயரை விட்டுவிட்டு வெறும் எண்களாகச் சொல்கிறேன்.

அவர் செய்வது அடுப்பில் ஏற்றாமல் குளிர்முறையில் தயாராகும் சோப்பு. ஓர் அச்சுக்கு ஒரு கிலோ எண்ணெய். அதில் பாதி ஆலிவ், மீதியில் பெரும்பகுதி தேங்காய் எண்ணெய். காஸ்டிக் சோடா சுமார் 138 கிராம், தண்ணீர் 275 கிராம், வாசனை எண்ணெய் 30 கிராம். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1,440 கிராம். வெட்டினால் 120 கிராமில் 12 கட்டி. மொத்தப் பொருள் செலவு 240, ஆகவே கட்டிக்கு 20. உறையும் லேபிளும் 5. அடக்கம் 25, விலை 50. ‘நூறு சதவீத லாபம்’ என்று எழுதியிருந்தார்.

நான் கேட்ட முதல் கேள்வி, 12 கட்டியும் விற்பனைக்கு வருகிறதா என்பது. வரவில்லை. அச்சின் ஓரத்துண்டு சரியாக வராது, அதில் ஒன்று போகும். இன்னொன்றை மாதிரியாகக் கொடுக்கிறார், அல்லது கெட்டுப்போகிறதா என்று பார்க்கத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். விற்பது 10தான். அதே 240ஐப் பத்தால் வகுத்தால் பொருள் செலவு 24.

அடுத்த கேள்வி அவருடைய நேரம். அளப்பது, கலப்பது, ஊற்றுவது, மறுநாள் வெட்டுவது, பாத்திரம் கழுவுவது, கடைசியில் உறை போடுவது என்று ஓர் அச்சுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ‘என் நேரத்துக்கு நானே என்ன கூலி கொடுப்பது?’ என்றார். தானே செய்தாலும், இந்த வேலைக்கு ஓர் ஆளை வைத்தால் கொடுக்க வேண்டிய கூலியைக் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும். நாளைக்கு ஆர்டர் பெருகி ஆள் வைக்கும்போது அந்தப் பணம் விலைக்குள் இருக்காவிட்டால் வேறெங்கிருந்து வரும்? மணிக்கு 120 என்று வைத்தோம். ஓர் அச்சுக்கு 240, கட்டிக்கு 24. மின்சாரம், சந்தையில் கடை போடும் கட்டணம், பணம் செலுத்தும் செயலியின் பிடித்தம், பதிவுச் செலவு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிக்கு 7. பொருள் 24, உறை 5, கூலி 24, இதரச் செலவு 7 என அடக்கம் 60 ஆயிற்று. அவர் விற்றது 50க்கு. ஒவ்வொரு கட்டியிலும் 10 போய்க்கொண்டிருந்தது, அவர் கூலியிலிருந்து போனதால் வெளியே தெரியவில்லை.

சரி, செலவைக் குறைக்க முடியுமா என்று பார்த்தோம். நான்கு அச்சை ஒரே நாளில் செய்தால் எட்டு மணி நேரம் ஆவதில்லை, நான்குதான் ஆகிறது. கூலி கட்டிக்கு 12ஆக இறங்கி அடக்கம் 48 ஆனது. ஆனால் வாரத்துக்கு 40 கட்டி விற்றால்தான் அந்த 48 உண்மை. 40 விற்குமா என்பது விலையைப் பொறுத்தது, விலையோ அடக்கத்தைப் பொறுத்தது என்று எழுதியிருக்கிறோம். அடக்கவிலை முறைக்குள் இருக்கும் இந்தச் சுழல் பலருக்குப் புலப்படுவதில்லை. திட்டத்தில் அடக்கவிலையை எழுதும்போது, வாரம் எத்தனை கட்டி என்ற கணக்கில் அது வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறேன்.

இங்கே இன்னொரு சறுக்கலும் உண்டு. 40 சதவீத லாபம் வேண்டும் என்று 48இன்மேல் 40 சதவீதம் ஏற்றி 67 என்று எழுதினார். விற்பனை விலையில் 40 சதவீதம் மிஞ்ச வேண்டுமானால் 48ஐ 0.6ஆல் வகுக்க வேண்டும். விடை 80.

இந்த 80ஐத் தூக்கிக்கொண்டு ஒரு பரிசுப்பொருள் கடைக்குப் போனார். கடைக்காரர் விற்பனை விலையில் பாதிக்குக் கேட்டார். வாடகையும் ஆளும் வைத்து நடத்தும் கடைகள் அப்படிக் கேட்பது வழக்கம்தான், அதில் தவறில்லை. பாதி என்றால் 40, அடக்கமோ 48. தன் வீட்டு மேசையிலிருந்து நேரடியாக விற்கும்போது சரியாக இருந்த விலை, கடை வழியாகப் போனதும் நட்டமாகிவிட்டது. எந்த வழியில் விற்கிறோம் என்று சொல்லாமல் எழுதிய விலைப்பக்கம் அரைகுறைதான்.

இதற்குப் பிறகுதான் மதிப்பை வைத்து விலை போடும் முறைக்கு வந்தோம். இதைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ‘என் சோப்பு இயற்கையானது, கையால் செய்தது, அதனால் கூடுதல் விலை’ என்று எழுதினால் அது செய்பவர் தன் உழைப்புக்குத் தானே போடும் மதிப்பு. இந்த முறையில் பார்க்க வேண்டியது வாங்குபவரின் பக்கம். இந்தச் சோப்பு கிடைக்காவிட்டால் அவர் வேறு எதை வாங்கியிருப்பார்? அதன் விலை என்ன? அதைவிட இது எதில் மேல், எதில் கீழ்? அந்த மாற்றுப் பொருளின் விலையில் தொடங்கி, மேலானதற்குக் கூட்டி, குறைவானதற்குக் கழிக்க வேண்டும். கழிப்பதை யாரும் செய்வதில்லை.

சந்தையில் வாங்கிய 30 பேரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: ‘இது இல்லாவிட்டால் இன்று என்ன வாங்கியிருப்பீர்கள்?’ 13 பேர் பரிசு வாங்க வந்தவர்கள், வாசனை மெழுகுவத்தி என்றார்கள். 9 பேர் வாசனைக்காகத் தங்களுக்கே வாங்கியவர்கள், 90 விலையுள்ள ஓர் உயர்ரக ஆலைச் சோப்பு என்றார்கள். 5 பேர் தோல் எரிச்சலுக்காக வந்தவர்கள், மருந்துக்கடையில் விற்கும் சோப்பைச் சொன்னார்கள். மற்ற மூவருக்குப் பதில் தெரியவில்லை.

தோல் எரிச்சல்காரர்களுக்குத் தனி சோப்பு, அதற்கு மிக அதிக விலை என்று அவருக்கு ஆசை இருந்தது. நான் வேண்டாம் என்றேன். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து உருவாகும் உண்மையான சோப்பு எதுவானாலும் காரத்தன்மை உடையது; அதன் பி.எச். பெரும்பாலும் 9க்கும் 10க்கும் நடுவில் இருக்கும். காஸ்டிக் சோடாவோடு சேராமல் மிஞ்சும்படி ஐந்து சதவீத எண்ணெயைக் கூடுதலாக விட்டாலும் அது பெரிதாக இறங்காது. மருந்துக்கடையில் இருப்பவற்றில் பல சோப்பே அல்ல, தோலின் பி.எச்.சுக்கு நெருக்கமாகச் செய்த செயற்கைக் கழுவு கட்டிகள். அந்த ஒப்பீட்டில் நம் சோப்பு கீழேதான் நிற்கும். போதாததற்கு, தோல் நோயைத் தீர்க்கும் என்று லேபிளில் எழுதினால் பல நாடுகளில் அந்தப் பொருளை மருந்துச் சட்டத்தின்கீழ் பார்ப்பார்கள். சட்டப்படி சொல்ல முடியாத ஒன்றை விலைக்குக் காரணமாகத் திட்டத்தில் எழுதக் கூடாது. எரிச்சலோடு வருபவரை ஏமாற்றிப் பெறும் பணம் அது என்பதும் எனக்கு முக்கியம்.

வாசனைக்காக வாங்குபவர்களுக்கு மாற்று 90 என்று தெரிந்துவிட்டது. வாசனையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இவரிடம் கூடுதல். ஆனால் எவ்வளவு நாள் வருகிறது என்பதில் இவருடையது கீழே இருந்தது. ஒரே குளியலறையில், ஒரே ஆளை வைத்துப் பார்த்தோம்: ஆலைச் சோப்பு 30 நாள் வந்தது, இவருடையது 24 நாள். ஆலிவ் அதிகமுள்ள கட்டி நான்கு வாரத்தில் போதிய அளவு இறுகுவதில்லை, தண்ணீர் தேங்கும் கிண்ணத்தில் வைத்தால் கரைந்துவிடும். விற்பதற்கு முன் கட்டியைக் காயவிட்டு முதிரவைப்பதை ஆறு வாரமாக்கினார், நீர் வடியும் தட்டில் வைக்கும்படி உறையில் ஒரு வரி சேர்த்தார். அடுத்த சோதனையில் 29 நாள் வந்தது. (ஈரம் வற்றி 120 கிராம் கட்டி 108க்கு வந்திருந்தது, லேபிளில் அந்த எடையைத்தான் போட வேண்டும்.) கழிக்க வேண்டியது ஏறக்குறைய தீர்ந்ததால் 100க்கு இடம் இருப்பதாகத் தெரிந்தது.

ஊகத்தோடு விடாமல் சந்தையில் சோதித்தார். இரண்டு வாரம் 80க்கு விற்றபோது 72 கட்டி போனது. அடுத்த இரண்டு வாரம் 100க்கு விற்றபோது 58. கை தளர்ந்து ‘குறைந்துவிட்டதே’ என்றார். பொருள், உறை, கூலி சேர்த்து ஒவ்வொரு கட்டிக்கும் நேரடியாக ஆகும் செலவு 41. முதல் தடவை கட்டிக்கு 39 வீதம் 2,808 மிஞ்சியது, இரண்டாம் தடவை 59 வீதம் 3,422. விற்பனை 48 கட்டிக்குக் கீழே இறங்கியிருந்தால்தான் விலையேற்றம் தவறு. இந்த 48ஐச் சோதனைக்கு முன்பே காகிதத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும், அப்படிச் செய்தால் நடுவில் பயந்து விலையைக் குறைக்க மாட்டோம். நான்கு வாரம் என்பது குறுகிய காலம்தான், பண்டிகை வாரம் ஒன்று நடுவே வந்தால் முடிவே புரண்டுவிடும். அதனால் இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன்.

பரிசு வாங்குபவர்களுக்கு மூன்று கட்டி கொண்ட பெட்டி. மெழுகுவத்தியின் விலை கடையில் 360. பெட்டியின் அடக்கம் மூன்று 48, அட்டைக்கு 20, ஆக 164. முதலில் 300 என்று எழுதினார். கடைக்குப் பாதி 150, மறுபடியும் நட்டம். 360 என்று வைத்தால் கடையிடமிருந்து 180 வரும், 16 மிஞ்சும். நேரடியாக விற்றால் 196 மிஞ்சும். கடைக்காரர் அந்த விலையை ஒப்புக்கொண்டார், பக்கத்திலேயே மெழுகுவத்தி அதே விலையில் இருப்பதால் அவருக்கு அது உறுத்தவில்லை.

கடைசியில் திட்டத்தின் விலைப்பக்கம் இப்படி அமைந்தது: தனிக் கட்டியும் பெட்டியும் சேர்த்து வாரம் 40 கட்டி என்ற கணக்கில் அடக்கம் 48, இதற்குக் கீழே எந்த வழியிலும் விற்பதில்லை. தனிக் கட்டி 100க்கு, நேரடி விற்பனையில் மட்டும். கடைகளுக்குப் பரிசுப் பெட்டி மட்டும். தோல் எரிச்சல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்புறம் கீழே ஒரு வரி சேர்த்தோம். இன்று விற்கும் கட்டி ஆறு வாரத்துக்கு முன் செய்தது, அதன் எண்ணெய் அதற்கும் முன்பு வாங்கியது. ஆகவே எண்ணெய் விலை ஏறினால் பழைய பில்லை வைக்காமல், இன்று அதே எண்ணெயை வாங்கினால் என்ன ஆகும் என்பதை வைத்து 48ஐத் திரும்பப் போட வேண்டும். பெட்டியில் கடை வழியாக மிஞ்சுவது 16தான் என்பதால், கட்டிக்கு 5 ஏறினாலே அதில் 15 போய்விடும்.