ஆப்டிமைசேஷன் – உகப்பாக்கம்

கைபேசிக் கடையில் 'ரேம் நாலு ஜிபிதான் சார், ஆனா ஆப்டிமைசேஷன் நல்லா இருக்கும்' என்று விற்பனையாளர் சொல்வதைக் கேட்டிருப்போம். எதை, எந்த எல்லைக்குள் ஆப்டிமைஸ் செய்திருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் விடை வராது.

இலத்தீனில் 'ஆப்டிமுஸ்' என்றால் 'எல்லாவற்றிலும் நல்லது'. அதிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சில் 'ஆப்டிமிசம்' என்ற சொல்லும், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் 'ஆப்டிமைஸ்' என்ற வினையும் பிறந்தன. அந்த வினைக்குத் தொடக்கத்தில் 'நன்னம்பிக்கையோடு பேசுதல்' என்ற பொருளும் இருந்தது என்பது வேடிக்கை. கடைக்காரரின் வாயில் அது இன்னும் அப்படித்தான் ஒலிக்கிறது. கணிதத்தில் இச்சொல் குறிப்பது வேறு: கொடுத்த கட்டுப்பாடுகளை மீறாமல், ஓர் அளவை இயன்ற வரை பெருக்குவது அல்லது குறைப்பது.

தமிழில் இதற்கு 'உகப்பாக்கம்' என்ற கலைச்சொல் உண்டு. உகத்தல் என்றால் விரும்புதல், மகிழ்தல். இறைவன் விரும்பி எழுந்தருளிய தலங்களை வைணவர்கள் 'உகந்தருளின நிலங்கள்' என்பர். இன்றைய வழக்கில் 'உகந்த' என்பது பொருத்தமான என்ற பொருளில் நிற்கிறது. இலத்தீன் வேர் 'எல்லாவற்றிலும் நல்லது' என்று உரிமை கொண்டாட, தமிழ் வேரோ 'இந்தச் சூழலுக்குப் பொருந்துவது' என்கிறது. கணிதப் பொருளுக்கு நெருக்கமானது தமிழ்ச்சொல்லே என்பது என் கருத்து.

2021இல் வந்த ஐபோன் 13ஐ எடுத்துக்கொள்வோம். ரேம் 4 ஜிபி. மின்கலம் சுமார் 3,200 மில்லி ஆம்பியர் மணி. அதே காலத்தில் 8 ஜிபி, 5,000 மில்லி ஆம்பியர் மணி என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட போன்கள் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. எனினும் விரலால் திரையைத் தள்ளும்போது சிறிய எண்ணுடைய போன் வழுக்கிச் செல்வதும், பெரிய எண்ணுடைய போன் சில நேரம் தயங்குவதும் உண்டு.

ஐபோன் 13இன் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது ஒவ்வொரு படச்சட்டத்தையும் வரைந்து முடிக்க ஏறத்தாழ 16.7 மில்லி நொடி இருக்கிறது. ஒரு சட்டத்துக்கு 20 மில்லி நொடி ஆகிவிட்டால் அது அந்தச் சுற்றைத் தவறவிடுகிறது. பழைய படமே இன்னொரு சுற்று நிற்கிறது. பத்து நொடியில் 600 சட்டங்கள் வர வேண்டிய இடத்தில் 12 தவறினால் சராசரி நொடிக்கு 58.8, தாளில் குறையே தெரியாது. ஆனால் கண் சராசரியைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு தடுமாற்றத்தையும் பார்க்கிறது. மேலும் 4 ஜிபி ரேம் சேர்த்தாலும், நினைவகம் ஏற்கெனவே போதுமானதாக இருந்தால், அந்த 20 மில்லி நொடி 16 ஆகாது. ரேம் செய்வது வேறு வேலை: திறந்த செயலிகளைக் கலையாமல் வைத்திருப்பது.

ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் அந்த வேலையின் தேவையையே குறைக்கிறது. இசை, வழிகாட்டி, அழைப்பு போன்ற சிலவற்றைத் தவிர, விட்டு வெளியேறிய செயலியைச் சிறிது நேரத்தில் உறையவைக்கிறது. உறைந்த செயலி செயலியையும் மின்கலத்தையும் தின்பதில்லை என்று சொல்லும்போதே தமிழில் ஓர் இடர் தெரிகிறது, மென்பொருளையும் சில்லையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். சில்லுக்கு வேலை இல்லை என்று கொள்க. மின்கலக் கணக்கும் இதனால் மாறுகிறது: சராசரியாக 320 மில்லி ஆம்பியர் இழுக்கும் போனுக்கு 3,200 பத்து மணி நேரம் வரும், 550 இழுக்கும் போனுக்கு 5,000 கூட ஒன்பது மணி நேரமே.

இதற்கு விலை உண்டு. நினைவகம் நெருக்கும்போது ஐஓஎஸ் உறைந்த செயலிகளை ஓசையின்றி முடித்துவிடுகிறது. உலாவியில் பாதி நிரப்பிய படிவத்தை விட்டுக் கேமராவுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் புதிதாக ஏறி, எழுதியது போயிருக்கலாம். அங்கே 8 ஜிபி போன் வெல்லும். கையிலிருக்கும் திரைக்கு உகந்தது, பின்னால் காத்திருக்கும் செயலிக்கு உகந்ததாக இருக்க வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் டெவலப்பர் அமைப்புகளில் `Profile HWUI rendering` என்பதை இயக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு கம்பம் எழும். பச்சைக் கோடு 16 மில்லி நொடியைக் குறிக்கும். திரையை உருட்டும்போது கோட்டைத் தாண்டும் கம்பங்களே கண்ணுக்குத் தெரியும் தடுமாற்றம்.

ஆப்டிமைசேஷனை 'மேம்படுத்தல்' என்று எழுதுவோர் உண்டு. புதிய பதிப்பு நிறுவுவதையும் அப்படியே சொல்வதால் குழப்பம் வரும். தவிர, மேம்படுத்தலில் ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றைப் பெறும் பொருள் இல்லை. 'இந்தப் போன் திரை உருட்டலுக்கு உகப்பாக்கப்பட்டது' என்று எழுதினால், எதற்கு என்பதும் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது.