பம்பர் உடைந்தால் கிளெய்ம் போடலாமா?

பார்க்கிங்கில் பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்துப் பம்பர் விரிந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் 12,000 ரூபாய் என்கிறார்கள். 'இன்சூரன்ஸ் இருக்கே சார், போட்டுடலாம்' என்பது சர்வீஸ் அட்வைசர் வாயில் முதலில் வருகிற வாக்கியம். அவருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நமக்கு உண்டா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் கிளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறுகிறது. இந்தத் தள்ளுபடி நம் வண்டியின் சேதத்துக்கான பிரீமியத்துக்கு, அதாவது ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டுமே. தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கு இது கிடையாது. அதனால் பாலிசியின் மொத்தத் தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் நஷ்டம் பெரிதாகத் தெரியும். போனஸ் கழிப்பதற்கு முந்தைய ஓன் டேமேஜ் தொகையைத்தான் எடுக்க வேண்டும்.

நம் காருக்கு இப்போது 35 சதவீதம் போனஸ் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த புதுப்பித்தலில் 45, அப்புறம் 50, அதன் பிறகு 50லேயே நிற்கும். போட்டால் பூஜ்யத்திலிருந்து 20, 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். ஆண்டுவாரியாக இடைவெளி 45, 30, 25, 15, 5. பலரும் முதல் ஆண்டின் 45ஐ மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். மீதி நான்கு ஆண்டுகளைக் கூட்டினால் அதுவே 75 ஆகிறது, முதல் ஆண்டைவிட அதிகம்.

ரூபாயில் பார்ப்போம். கார் பழசாக ஆக அதன் ஐடிவி, அதாவது பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு, இறங்கும், பிரீமியமும் குறையும். அடுத்த ஐந்து ஆண்டுகளின் ஓன் டேமேஜ் தொகை 10,000, 9,000, 8,000, 7,200, 6,500 என்று கொண்டால் இழப்பு 4,500 + 2,700 + 2,000 + 1,080 + 325. பிரீமியத்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் சுமார் 12,500 ரூபாய்.

இனி, கையில் கிடைப்பது எவ்வளவு? 12,000 ரூபாய் பில்லில் பம்பர் 6,000, பெயின்டிங் 4,000, கூலி 2,000. பிளாஸ்டிக் பாகத்துக்கு வழக்கமாகப் பாதி தேய்மானம் கழிப்பார்கள், 3,000 போச்சு. பெயின்டிங்கில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 500. கடைசியாக, 1500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1,000. ஆக வருவது 7,500. அதற்காக 12,500ஐ விடுவது வியாபாரமே இல்லை.

ஆனால் இந்த 12,500, இனி ஐந்து ஆண்டுகளும் கிளெய்மே வராது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நடுவில் இன்னொரு பெரிய இடி விழுந்தால் போனஸ் எப்படியும் போயிருக்கும், அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் இழப்பை இந்தப் பம்பர் தலையில் கட்ட முடியாது. ஆண்டுக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு அப்படி நேரும் என்று எடுத்து, இரண்டாம் ஆண்டின் இழப்பை 0.8ஆல், மூன்றாவதை 0.64ஆல் என்று பெருக்கிக்கொண்டே போனால் உண்மையான இழப்பு 10,200 அளவில் வருகிறது. அப்போதும் 7,500 தோற்றுவிடுகிறது.

இதே பில்லுக்கு ஸீரோ டெப் எடுத்திருந்தால் கதை மாறும். தேய்மானம் கழிக்காததால் 11,000 வரும். இப்போது கிளெய்ம் லேசாக முந்துகிறது. ஆனால் பல ஸீரோ டெப் பாலிசிகளில் ஆண்டுக்கு இத்தனை கிளெய்ம்தான் என்ற வரம்பு இருக்கும். ஆண்டு தொடக்கத்திலேயே பம்பருக்கு ஒன்றைச் செலவழிப்பதை நான் செய்ய மாட்டேன். கிளெய்ம் போட்டாலும் நோ கிளெய்ம் போனஸைக் காப்பாற்றித் தரும் என்சிபி புரொடெக்‌ஷன் எடுத்தவர்களுக்கு, அதன் வரம்புக்குள் இருக்கும்வரை, இழப்புப் பக்கமே காலி. பெரும்பாலும் போட்டுவிடலாம்.

சீக்கிரமே புது வண்டி வாங்கப்போகிறவர்கள் வேறு எண்ணைப் போட வேண்டும். போனஸ் வண்டியோடு போவதில்லை, உரிமையாளரோடு வரும். புதுக் காரின் ஓன் டேமேஜ் பிரீமியம் 25,000 என்றால், 45 சதவீதம் முதல் ஆண்டிலேயே 11,250.

முடிவெடுக்கும் முன் பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பிராக்கெட், பார்க்கிங் சென்சார், ஒயரிங் என்று ஏதாவது போயிருந்தால் 12,000 எளிதாக 25,000 ஆகும். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து சேதத்தைப் பார்ப்பதற்கு முன் வேலையைத் தொடங்கிவிட்டால் அப்புறம் கிளெய்ம் கேட்பது கஷ்டம். அதனால் தகவல் தெரிவிக்கக் கடைசி நாள் எது என்று பாலிசியில் பார்த்துக்கொண்டு, அதற்குள் எஸ்டிமேட்டை வாங்கிவிட வேண்டும்.

அதே பாலிசி ஆண்டில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் போட்டாகிவிட்டதா? போனஸ் அப்போதே போய்விட்டது. இரண்டாவதற்கு இழக்க மிச்சம் இருப்பது தேய்மானமும் அந்த 1,000 ரூபாயும்தான்.