கோட்டா என்றால் ஒதுக்கீடா?

பொருளியலில் வரும் 'இம்போர்ட் கோட்டா'வை 'இறக்குமதி ஒதுக்கீடு' என்று இன்னொரு மொழிபெயர்ப்பிலும் பார்த்தாயிற்று. அதற்கடுத்த வாக்கியம்: 'வரியில் அரசுக்கு வருவாய் உண்டு, ஒதுக்கீட்டில் கிடையாது.' சொல்லில் இருக்கும் கோளாறுதான் இந்த வாக்கியத்தையும் கெடுத்திருக்கிறது.

கோட்டா லத்தீனிலிருந்து வந்தது. 'எத்தனையாவது பங்கு' என்பது மூலப் பொருள். அந்த வாக்கியத்தில் 'வரி' என்பது டாரிஃப். அது அரபியில் 'அறிவிப்பு' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து இத்தாலி வழியாக வந்தது. அதற்கு 'இறக்குமதி வரி' போதும். 'சுங்கக் கட்டணம்' என்றால் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வருகிறது.

ஒதுக்கீடு என்றால் இன்னாருக்கு இவ்வளவு என்று எடுத்துவைப்பது. இறக்குமதிக் கோட்டாவோ இதற்கு மேல் வரக்கூடாது என்ற உச்ச அளவு. 'இறக்குமதி வரம்பு' என்பதே சரி. அந்த வரம்புக்குள் யாருக்கு உரிமம் என்று பிரிக்கிறார்களே, அதுதான் ஒதுக்கீடு. முதலாவது விலையைத் தீர்மானிக்கிறது, இரண்டாவது பணம் யாருக்கு என்பதை.

ஒரு கணக்கு. சிறிய நாடு, அது எவ்வளவு வாங்கினாலும் உலக விலை அசையாது. குடை ஒன்று 100 ரூபாய். மக்கள் 100 குடை வாங்குகிறார்கள். உள்ளூரில் 40 தயாராகிறது, 60 வெளியிலிருந்து வருகிறது. 20 ரூபாய் வரி போட்டால் விலை 120. விற்பது 80, உள்ளூர் உற்பத்தி 60, இறக்குமதி 20. நுகர்வோர் உபரி, அதாவது வாங்குபவர் கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம், 1,800 ரூபாய் குறைகிறது. ('எச்சம்' என்றும் எழுதுகிறார்கள், வேண்டாம், மிச்சம் மீதி போல ஒலிக்கிறது.) உற்பத்தியாளர் உபரி, அதாவது விற்பவர் ஏற்கத் தயாராக இருந்த விலைக்கு மேல் கிடைப்பது, 1,000 கூடுகிறது, அரசுக்கு 400. மீதி 400 யாருக்கும் சேராத வீண் இழப்பு.

சரி, வரியை எடுத்துவிட்டு 20 குடை என்று வரம்பு வைப்போம். விலை அதே 120, உபரிகளும் அதே. ஆனால் வரியாக அரசுக்கு வந்த அந்த 400? உரிமத்தை ஏலம் விட்டால் அரசுக்கே வரும். வேண்டியவருக்குச் சும்மா கொடுத்தால் அவருடைய பை நிறையும். ஏற்றுமதி செய்யும் நாடே உரிமத்தை வைத்துக்கொண்டால் பணம் நாட்டைவிட்டே போகும். இந்தியாவில் தொழிலுக்கும் இறக்குமதிக்கும் அரசு உரிமம் வேண்டியிருந்த உரிம ராஜ்யம் நடந்தபோது அந்த உரிமத்துக்காக எவ்வளவு அலைச்சல்! பொருளியலாளர் ஆன் க்ரூகர் 1974-இல் எழுதிய கட்டுரையில், 1964-இல் இறக்குமதி உரிமம் உள்ளிட்ட அரசுக் கட்டுப்பாடுகளால் கிடைத்த ஆதாயம் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ 7.3 விழுக்காடு என்று மதிப்பிட்டார். வரம்பையும் ஒதுக்கீட்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் இந்தக் கேள்வியே மாணவருக்கு எழாது.

இன்னொன்று: மழை கூடி, எந்த விலையிலும் 20 குடை கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். வரி இருந்தால் விலை 120-லேயே நிற்கும், இறக்குமதி 40 ஆகும். வரம்பு இருந்தால் இறக்குமதி 20-ஐத் தாண்டாது, விலை 130-க்கு ஏறும். 'ஒதுக்கீடு' என்று படித்தவருக்கு இது ஏன் என்று புரியாது. 'வரம்பு' என்று படித்தவருக்கு விளக்கவே வேண்டாம்.