கிரைண்டரின் புளித்த வாடை எங்கே ஒளிந்திருக்கிறது?

டேபிள் டாப் கிரைண்டரை மாவாட்டிய கையோடு கழுவி வைத்தாலும், அடுத்த முறை மூடியைத் திறந்ததும் புளிச்ச வாடை அடிக்கும். காரணம் பெரும்பாலும் டிரம்மில் இருக்காது. குழவியின் நடுவே கம்பி நுழையும் துளையிலும், அதற்குள் இருக்கும் நைலான் புஷ்ஷிலும், அடிக்கல் டிரம்மோடு சேரும் விளிம்பிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த இடங்களில் தங்கும் உளுந்து மாவின் வழவழப்பு காய்ந்தால் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் அதே பாக்டீரியாக்கள் அங்கேயும் வேலை பார்க்கும். ஒரு இயர்பட்டை அந்தத் துளைக்குள் சுற்றி எடுங்கள். சாம்பல் நிறத்தில் வழவழவென்று வந்தால் வாடையின் ஊற்று அதுதான்.

முதலில் பச்சைத் தண்ணீர்தான். கொதிநீர் ஊற்றினால் எஞ்சிய மாவு வெந்து, கல்லின் நுண்துளைகளில் கஞ்சியாகப் பிடித்துக்கொள்ளும். அரிசியில் உள்ள ஸ்டார்ச் சுமார் 70 டிகிரியிலேயே வேகத் தொடங்கிவிடும். அடிக்கல்லை டிரம்மோடு ஒட்டியிருக்கும் பசைக்கும் கொதிநீர் ஆகாது. ஆகவே டிரம்மில் பச்சைத் தண்ணீர் விட்டு கால் மணி நேரம் ஊறவிட்டு, நார் பிரஷ்ஷால் கல்லையும் விளிம்பையும் தேயுங்கள். குழவிகளைக் கழற்றி, பாட்டில் பிரஷ்ஷைத் துளையில் நுழைத்து இரு பக்கமும் உருவுங்கள். பாதிப்பேர் விட்டுவிடுவது இந்த ஒரு வேலையைத்தான்.

அடுத்தது சோடா. எலுமிச்சையும் வினிகரும் பலர் சொல்லும் மருந்து. ஆனால் வாடையே ஆவியாகும் அமிலங்களால் வருவது. அதன்மேல் இன்னொரு அமிலத்தை ஊற்றிப் பயனில்லை. சமையல் சோடா காரத்தன்மை கொண்டது. அமிலத்தோடு சேர்ந்து அதை உப்பாக மாற்றிவிடும். உப்பு ஆவியாகாது, ஆகவே மூக்குக்கு எட்டாது. இரண்டு மேசைக்கரண்டி சோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, குழவிகளை மாட்டி ஐந்து நிமிடம் ஓடவிட்டு, இருபது நிமிடம் அப்படியே விட்டு, பிறகு நன்றாக அலசுங்கள். சோப்புத்தூள் போட்டால் கல்லுக்குள் இறங்கி, அடுத்த மாவில் வாசம் காட்டும். பிளீச் எவர்சில்வர் டிரம்மைப் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

நாள்பட்ட வாடைக்கு, ஊறவைத்த ஒரு பிடி பச்சரிசியைத் தண்ணீர் தாராளமாக விட்டு ஐந்து நிமிடம் அரைத்துக் கொட்டிவிடுங்கள். அரிசியின் சொரசொரப்பு நுண்துளைகளில் சிக்கிய பழைய மாவைத் தேய்த்து எடுத்துவிடும். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள். கல்லோடு கல் உரசித் தேயும்.

அலசியபின் டிரம்மைக் கவிழ்த்து, குழவிகளைத் துளை மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தி, மூடாமல் ஓர் இரவு காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் செய்ததெல்லாம் வீண். காய்ந்ததும் சில மணி நேரம் மூடி வைத்துத் திறந்து முகருங்கள். இன்னும் வாடை வந்தால், தேய்ந்த புஷ்ஷின் இடுக்கில் மாவு இறங்கியிருக்கும்; அதைக் கழுவிப் போக்க முடியாது, புஷ்ஷை மாற்றித்தான் ஆகவேண்டும்.