தண்ணீர் வரும் வாய்க்காலும் ஒரு முற்றுப்புள்ளியும்

வன்னியில் சிறுபோகம் தொடங்கும் நேரத்தில் கமக்காரர் அமைப்பு அறிவித்தல் போடுவது வழக்கம். குளத்துத் துருசு எப்போது திறக்கும், வாய்க்காலை யார் துப்புரவாக்குவது, கூட்டம் எந்த நாள் என்று மூன்று விஷயம்தான் இருக்கும். அதையே வாட்ஸப்பில் ஒரே மூச்சில் தட்டி அனுப்பினால் என்ன ஆகும் என்று பார்க்க, ஒன்றை நானே எழுதிப் பார்த்தேன்:

திங்கட்கிழமை துருசு திறந்ததும் தண்ணீர் வரும் வாய்க்காலைத் துப்புரவாக்க வேண்டும் செவ்வாய்க்கிழமை கூட்டம் நடக்கும் என்று தலைவர் அறிவித்தார் நான் கட்டாயம் வருவேன் என்றும் சொன்னார்

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டுக் கடைசி வயல்காரர் மண்வெட்டியை எடுக்காமல் வீட்டிலேயே இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. காரணம் 'வரும்' என்ற சொல்.

தமிழில் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடியும். 'வந்தான்', 'போனார்கள்' என்று வந்தால் புள்ளி இல்லாமலே முடிந்தது தெரியும். பழைய ஓலைச்சுவடிகளில் இன்றைய நிறுத்தக்குறிகள் இல்லாமலே சமாளித்ததற்கு இது ஒரு காரணம். செய்யுளுக்கு யாப்பும் ஈற்று ஏகாரமும் கைகொடுத்தன, உரைகாரர்கள் 'என்றவாறு', 'என்க' என்று எழுதி முடிவைக் காட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அச்சு உரைநடை பெருகியபோதுதான் இந்தக் குறிகள் தமிழில் ஊன்றின; அதில் நல்லூர் ஆறுமுக நாவலருக்கு (1822–1879) பெரிய பங்கு உண்டு.

ஆனால் 'செய்யும்' என்ற வாய்பாட்டில் வரும் வினைக்கு இரண்டு வேலை. அது முற்றாகவும் நிற்கும், அடுத்த பெயரைத் தழுவும் பெயரெச்சமாகவும் நிற்கும். இலக்கண நூல்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டன. 'தண்ணீர் வரும்' என்று நிறுத்தினால் அது செய்தி. நிறுத்தாமல் 'தண்ணீர் வரும் வாய்க்காலை' என்று ஓடினால், துருசு திறந்ததும் தண்ணீர் ஏறுகிற அந்த வாய்க்காலை மட்டும் துப்புரவாக்கச் சொல்வதாகிவிடும். தன் வாய்க்காலுக்குத் தண்ணீர் இரண்டு நாள் கழித்து வரும் என்று தெரிந்தவர், இது நமக்கில்லை என்று நினைப்பது நியாயம்தானே. 'வரும்' என்பதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி விழுந்தால் எல்லா வாய்க்காலும் அடங்கிவிடும். 'திறந்தது', 'நடந்தது' போன்றவையும் இதே ரகம். 'துருசு திறந்தது யாருக்கும் தெரியாது' என்பதில் 'திறந்தது' பெயர் போல நிற்கிறது. நடுவில் புள்ளி வைத்தால் அது முற்றாகிவிடும். மற்ற இடங்களில் முற்றுப்புள்ளி தவறினால் வாசிப்பவர் சமாளித்துவிடுவார். இந்த இரண்டு வகை வினைகளின் பின்னால் மட்டும் தவறவே கூடாது.

அடுத்தது 'என்று'. தமிழில் ஒருவர் சொன்னது எங்கே முடிகிறது என்பதை இந்தச் சொல்லே காட்டிவிடுகிறது, மூடும் மேற்கோள்குறி இல்லாவிட்டாலும் குடி முழுகாது. எங்கே தொடங்குகிறது என்று காட்டத்தான் மொழியில் எதுவும் இல்லை. அறிவித்தலைத் திரும்பப் பாருங்கள்: தலைவர் அறிவித்தது கூட்டத்தை மட்டுமா, வாய்க்கால் வேலையையும் சேர்த்தா, அல்லது திங்கட்கிழமை என்ற சொல்லிலிருந்து எல்லாமே அவர் பேச்சா? மூன்றும் இலக்கணப்படி சரி. திறக்கும் குறியை எந்தச் சொல்லுக்கு முன்னால் போடுகிறோமோ, அந்த இடத்திலிருந்து பொறுப்பு தலைவருடையது, அதற்கு முன்னால் உள்ளது எழுதியவருடையது.

'நான் கட்டாயம் வருவேன் என்றும் சொன்னார்' என்பதில் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே. குறி இல்லாமல் எழுதினால் அந்த 'நான்' தலைவராகவும் இருக்கலாம், அறிவித்தல் எழுதிய செயலாளராகவும் இருக்கலாம். 'செயலாளர் கட்டாயம் வருவார்' என்று தலைவர் வாக்குக் கொடுத்ததைச் செயலாளரே எழுதினால் இப்படித்தான் வரும். மேற்கோள்குறி போட்டால் அது தலைவர். குறி போட விருப்பமில்லையா, 'தானும் கட்டாயம் வருவதாகச் சொன்னார்' என்று மாற்றினால் போதும், இலக்கணமே வேலையைப் பார்த்துக்கொள்ளும். மேற்கோளுக்குள் கடைசி வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டு அப்புறம் 'என்று' எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது உறுத்தும், வாக்கியம்தான் இன்னும் முடியவில்லையே.

சரி, காற்புள்ளி. வினை கடைசியில் வருவதால், முன்னால் வருகிற காலச்சொல்லையும் இடச்சொல்லையும் வாசிப்பவர் கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. வழியில் இரண்டு மூன்று வினை வந்தால் எதில் கொளுவுவது என்று தெரியாது. 'நேற்று குளம் வான் பாய்ந்தது என்று தம்பி சொன்னான்' என்றால் நேற்று நடந்தது எது, வான் பாய்ந்ததா, தம்பி சொன்னதா? 'நேற்று, குளம் வான் பாய்ந்தது என்று தம்பி சொன்னான்' என்றால் அந்த நேற்று, தம்பி சொன்ன நாள். கிட்டத்தில் இருக்கும் வினையைத் தாண்டித் தூரத்து வினையோடு சேர வேண்டிய சொல்லுக்குப் பின்னால்தான் காற்புள்ளிக்கு உண்மையான வேலை.

இதற்கு ஒற்றும் சாட்சி சொல்லும். 'பரந்தனுக்குப் போன கிழமை பஸ் வரவில்லை' என்று எழுதினால், அந்த 'ப்' இரண்டு சொல்லையும் பசை போல ஒட்டி, பரந்தனுக்குப் போனது யார் என்று ஒரு கணம் தேட வைக்கிறது. 'பரந்தனுக்கு, போன கிழமை பஸ் வரவில்லை' என்றால் தேடல் இல்லை. காற்புள்ளி விழுந்த இடத்தில் ஒற்று மிகாது. இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால் எழுதியவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். 'அக்காவும், அண்ணாவும், மாமாவும்' என்று ஒவ்வொரு உம்முக்கும் பின்னால் போடுகிற காற்புள்ளி வீண், எண்ணுகிற வேலையை உம்மே செய்துவிட்டது.

நீண்ட வாக்கியத்தை எங்கே வெட்டுவது என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. 'செய்து' என்ற எச்சம் பொதுவாகத் தன் முற்றின் எழுவாயையே எழுவாயாகக் கொள்ளும். 'வயலுக்குப் போய், வரம்பு கட்டி, தண்ணீர் பாய்ச்சி, இருட்டியபின் வீட்டுக்கு வந்தார்' என்பது எவ்வளவு நீண்டாலும் குழப்பாது, எல்லாம் ஒரே ஆள். 'மழை பெய்து குளம் நிரம்பியது' என்பதில் ஆள் மாறினாலும் ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதால் காது ஏற்றுக்கொள்கிறது. ஆனால் 'வான்கதவைத் திறந்து தண்ணீர் வயலுக்குள் ஏறி பயிர் அழுகி நட்டஈடு கேட்டு மனுக் கொடுத்தார்கள்' என்று படியுங்கள். கதவைத் திறந்தவர்களே மனுவும் கொடுத்த மாதிரி இருக்கிறது! 'அதிகாரிகள் வான்கதவைத் திறந்தார்கள். தண்ணீர் வயலுக்குள் ஏறிப் பயிர் அழுகியது. கமக்காரர் நட்டஈடு கேட்டு மனுக் கொடுத்தார்கள்.' செய்கிற ஆள் மாறும் இடத்தில் வெட்டியதும், விட்டுப்போன ஆட்கள் தாங்களாகவே உள்ளே வந்துவிட்டார்கள்.

இனி அந்த அறிவித்தல். தலைவர் சொன்னது வாய்க்கால் வேலையும் கூட்டமும்தான் என்று வைத்துக்கொண்டால்:

திங்கட்கிழமை துருசு திறந்ததும் தண்ணீர் வரும். "வாய்க்காலைத் துப்புரவாக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கூட்டம் நடக்கும்" என்று தலைவர் அறிவித்தார். தானும் கட்டாயம் வருவதாகச் சொன்னார்.

துப்புரவு எந்த நாளுக்குள் முடிய வேண்டும் என்பது இதிலும் இல்லை. அதைத் தலைவரிடம்தான் கேட்க வேண்டும், எந்தக் குறியும் சொல்லாது.