46 என்ற எண்ணை எங்கே ஒளிப்பது?

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் கடலில் மூழ்கியது. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதியும் போயிற்று. அதைச் சீராக்க ரயில்வே முதலில் வைத்த கெடு 6 மாதம். பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். இந்தக் கதையை 90 நிமிட ஆவணப்படமாக எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 2 நிமிட டிரெய்லர் எழுத வேண்டும்.

ஊர், புயல், பாலத்தின் மீட்பு என்று படத்தின் மூன்று பாகங்களையும் சம அளவில் சுருக்கினால் அது கதைச்சுருக்கம்தான். பார்த்தவர் படத்தையே பார்த்த திருப்தியோடு எழுந்து போய்விடுவார். அதனால் முதல் பாகமான உயிரோடிருந்த ஊருக்கு 36 விநாடி, புயலுக்கும் அழிவுக்கும் ஒரு நிமிடம் என்று ஒதுக்கலாம். மூன்றாம் பாகம் வாசலோடு நிற்க வேண்டும். '6 மாதம்' என்பது காதில் விழும், '46' விழாது.

அடுத்தது பேச்சு. பேட்டிகளை எழுத்தாக்கி அச்சிட்டு, பென்சிலோடு உட்கார வேண்டும். "புயலில் பாலம் உடைந்தது" என்று ஒருவர் சொல்வது வெறும் தகவல். அதற்குத் திரையில் எழுத்து அட்டை ஒன்று போதும். "அப்பா அந்த ரயிலில்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்" என்று ஒரு மூதாட்டி சொல்லியிருந்தால் அதை விடக்கூடாது, ஏனென்றால் அடுத்து என்ன ஆயிற்று என்று மனம் கேட்கும். தயக்கத்தையும் இருமலையும் வெட்டலாம். இரண்டு வேறு பதில்களின் துண்டுகளை ஒட்டி, அவர் சொல்லாத வாக்கியத்தை உருவாக்கக் கூடாது. கண்ணை மூடிக் கேட்டால் இந்த ஒட்டு பெரும்பாலும் பிடிபடும்: குரலின் சுருதியோ பின்னணி இரைச்சலோ நடுவாக்கியத்தில் சட்டென்று மாறும்.

இசை ஏறும்போது வேகம் கூடுவதுபோலத் தோன்றும். பல டிரெய்லர்களில் தாளத்தின் வேகம் மாறுவதே இல்லை. நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் நான்கு தட்டுக்கு 4 விநாடி. ஊர்க் காட்சிகள் நான்கு தட்டுக்கு ஒரு முறை மாறட்டும். புயல் வரும்போது இரண்டு தட்டுக்கு ஒன்று, அப்புறம் தட்டுக்கு ஒன்று, கடைசியில் அரைத் தட்டுக்கு ஒன்று. இசையமைப்பாளரும் அதே தாளத்துக்குள் மேளத்தை நெருக்குவார். கூடவே முடிவில்லாமல் ஏறுவதுபோல் கேட்கும் ஒலி ஒன்றையும் சேர்க்கலாம். ஒவ்வொரு ஸ்தாயி தள்ளி அடுக்கிய ஒலிகளின் இந்த மாயத்தை உளவியலாளர் ரோஜர் ஷெப்பர்ட் விவரித்ததும், பாருங்கள், 1964இல்தான்.

உச்சத்தில் எல்லாம் நிற்க வேண்டும். இரண்டு விநாடி அலைச் சத்தம் மட்டும். அதன் மேல் ஒரு பொறியாளரின் குரல், "எத்தனை நாள் கேட்பீர்கள்?" என்று. பிறகு படத்தின் பெயர், கடைசியில் வெளியீட்டுத் தேதி. தேதி அட்டையை வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம் திரையில் வைக்கவும், அந்த நேரத்தில் யாரும் பேச வேண்டாம். அட்டையைத் தனிக் கோப்பாகவே வைத்திருங்கள், தேதி எப்படியும் தள்ளிப்போகும்.